உரிக்கப் போன இறாலின் கணக்கு: ஜாப் ஒர்க் சரக்கை ஈஆர்பியில் எழுதுவது எப்படி?

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஒரு சின்ன ஏற்றுமதி கம்பெனி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடிகாலையில் கரைக்கு வந்த விசைப்படகில் இருந்து 500 கிலோ முழு இறால் வாங்குகிறார்கள். உரிக்க அவர்களிடம் ஆள் கிடையாது. ஐஸ் போட்டு, பக்கத்து ஊரில் இருக்கும் உரிப்பு ஷெட்டுக்கு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அங்கே பெண்கள் உட்கார்ந்து தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, சதையை மட்டும் டப்பில் போடுகிறார்கள். சாயங்காலம் உரித்த இறால் கம்பெனிக்குத் திரும்பி வருகிறது.

காலைக்கும் சாயங்காலத்துக்கும் இடையில் அந்த இறால் யாருடைய சரக்கு? கம்பெனியுடையது. ஷெட்காரரிடம் இருப்பது சரக்கு மட்டும்தான், உரிமை அவரிடம் இல்லை. அவருக்குச் சேர வேண்டியது கூலி. ஆசாரியிடம் பழைய தங்கத்தைக் கொடுத்து வளையல் செய்யச் சொல்வதும் இப்படித்தான். தங்கம் நம்முடையது, செய்கூலி அவருடையது, சேதாரம் எவ்வளவு என்பது முன்கூட்டியே பேசிக்கொள்வது. ஜாப் ஒர்க் கணக்கில் இருப்பதும் இந்த மூன்றுதான்: சரக்கு, கூலி, சேதாரம். முதல் இரண்டையும் எல்லோரும் ஒழுங்காக எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் கணக்கு கெடுகிறது, அதுவும் வெளியே தெரியாமல் கெடுகிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முதலில், ஈஆர்பி, அதாவது சரக்கு, கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மென்பொருள், இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஷெட்டுக்கு அனுப்பிய இறாலைச் சிலர் விற்பனை பில்லாகப் போடுகிறார்கள், திரும்பி வரும்போது கொள்முதலாக எழுதுகிறார்கள். விற்பனையும் கொள்முதலும் சேர்ந்தே ஊதிப்போகும். வேறு சிலர் எதுவுமே எழுதுவதில்லை. சரக்கு இன்னமும் கம்பெனி குளிர் அறையில் இருப்பதாகவே புத்தகம் சொல்லும். இரண்டுமே தவறு. செய்ய வேண்டியது எளிமையானது: ஷெட்டுக்கென ஒரு கிடங்கைக் கணக்கில் திறந்து, சரக்கை அந்தக் கிடங்குக்கு இடமாற்றம் செய்ய வேண்டும். கிடங்கின் பெயர் மாறுகிறது, சரக்கின் மதிப்பு மாறுவதில்லை, லாப நஷ்டத்தில் ஒரு பைசா கூட அசைவதில்லை.

ஷெட் எத்தனையோ கிடங்கும் அத்தனை என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ‘வெளி ஷெட்டுகள்’ என்று ஒரே கிடங்கைத் திறந்து, பாம்பன் ஷெட்டையும் தொண்டி ஷெட்டையும் அதில் சேர்த்துப் போட்டால் ஒருவரின் குறைவை இன்னொருவரின் கூடுதல் மறைத்துவிடும். பிறகு யாரைக் கேட்பது?

உதாரணத்துக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது திறந்த மூல மென்பொருள், இந்தியாவில் உருவானது, சிறு கம்பெனிகளுக்கும் கட்டுப்படியாகும். அதில் நான்கு பொருட்களைத் திறக்க வேண்டும். முழு இறால் ஒன்று, உரித்த இறால் ஒன்று. இவை இரண்டும் கையிருப்பில் எண்ணப்படுபவை. மூன்றாவது உரிப்புக் கூலி. இது கையிருப்பு இல்லாத சேவை, ஆகவே `Maintain Stock` என்ற கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. நான்காவது தலையும் ஓடும். அதை வாங்க ஆள் இருந்தால் கையிருப்பாக வையுங்கள், இல்லாவிட்டாலும் எடையையாவது குறித்து வையுங்கள். காரணம் பின்னால் வரும்.

அடுத்தது `BOM`. ஒரு கிலோ உரித்த இறாலுக்கு எத்தனை கிலோ முழு இறால் வேண்டும் என்பதை இதில் எழுதுகிறோம். தலை, ஓடு எல்லாம் போனால் ஏறக்குறைய பாதி எடை சதையாக நிற்கும் என்று வைத்து, 1 கிலோவுக்கு 2 கிலோ என்று போடுகிறோம். இது ஒரு மதிப்பீடு மட்டுமே. இறாலின் இனம், அளவு, கரைக்கு வந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் இது மாறும். ஸ்க்ரூவும் நட்டும் வைத்து இயந்திரம் கட்டும் தொழிற்சாலைக்கு `BOM` ஒரு சட்டம். இறாலுக்கு அது ஒரு எதிர்பார்ப்பு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் எல்லாம் புரியும்.

இனி ஒரு நாள் வேலையை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். விலைகள் புரிதலுக்காக நான் வைத்துக்கொண்டவை.

முழு இறால் 500 கிலோ, கிலோ 300 ரூபாய், ஆக மொத்தம் 1,50,000. இது கம்பெனி கிடங்கில் இருக்கிறது. ஷெட்டின் பெயரில் ஒரு `Purchase Order` போட்டு, அதில் `Is Subcontracted` என்பதை டிக் செய்கிறோம். வாங்கும் பொருள் உரிப்புக் கூலி, கிலோவுக்கு 20 ரூபாய். அதனால் கிடைக்க வேண்டிய பொருள் உரித்த இறால், 250 கிலோ. அதிலிருந்தே `Subcontracting Order` உருவாகும். சரக்கு எந்த ஷெட் கிடங்கில் இருக்கும் என்பதை இங்கே குறிப்பிடுகிறோம். வண்டி கிளம்பும்போது `Send to Subcontractor` வகையில் ஒரு `Stock Entry`. இப்போது 500 கிலோவும் கம்பெனி கிடங்கிலிருந்து இறங்கி ஷெட் கிடங்கில் ஏறிவிட்டது.

சாயங்காலம் 235 கிலோ உரித்த இறால் வருகிறது. `Subcontracting Receipt` போடுகிறோம். இந்த ஒரு பதிவு மூன்று வேலை செய்யும். உரித்த இறாலைக் கம்பெனி கிடங்கில் ஏற்றும், ஷெட் கிடங்கில் இருந்த முழு இறாலைச் செலவானதாகக் கழிக்கும், கூலியையும் சேர்த்து உரித்த இறாலின் அடக்க விலையைப் போடும். கடைசியாக, ஷெட்காரர் பில் தந்ததும் கூலிக்கு மட்டும் `Purchase Invoice`. ரசீதில் கூலி எந்தக் கணக்குத் தலைப்பில் விழுந்ததோ, பில்லும் அதே தலைப்பில் விழ வேண்டும். தவறினால் ஒரு தலைப்பில் செலவு நிற்கும், இன்னொன்றில் காரணமே தெரியாத வரவு நிற்கும்.

இங்கேதான் கேள்வி வருகிறது. 235 கிலோ வந்ததற்கு எத்தனை கிலோ முழு இறால் செலவாயிற்று?

மென்பொருள் `BOM`-ஐப் பார்க்கும். கிலோவுக்கு 2 கிலோ, 235-க்கு 470 என்று கழித்துவிடும். மீதி 30 கிலோ ஷெட் கிடங்கில் அப்படியே நிற்கும். உண்மையில் ஷெட்டில் ஒரு இறால் கூட இல்லை. எல்லாம் உரித்தாயிற்று, ஷெட்டைக் கழுவியும் விட்டாயிற்று. ஆனால் திரையில் 30 கிலோ, 9,000 ரூபாய் மதிப்பில் உட்கார்ந்திருக்கும். யார் கண்ணுக்கும் தெரியாத, யாராலும் விற்க முடியாத சரக்கு.

இதனால் என்ன கெடும் என்று அடக்க விலையைப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஐஸுக்கும் வண்டிக்கும் 1,800 ரூபாய் ஆயிற்று. தலையும் ஓடும் 250 கிலோ, கிலோ 4 ரூபாய்க்குப் போனதால் 1,000 ரூபாய் கழிகிறது. 470 கிலோ செலவு என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

```
(470 × 300) + (235 × 20) + 1,800 − 1,000 = 1,46,500
1,46,500 ÷ 235 = 623.40
```

உண்மையில் செலவானது 500 கிலோ:

```
(500 × 300) + (235 × 20) + 1,800 − 1,000 = 1,55,500
1,55,500 ÷ 235 = 661.70
```

கிலோவுக்கு 38 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். வாங்குபவர் 650 ரூபாய்க்குக் கேட்கிறார் என்றால், முதல் கணக்கை நம்பிய முதலாளி கிலோவுக்கு 26 ரூபாய் லாபம் என்று சரி சொல்லிவிடுவார். உண்மையில் கிலோவுக்கு கிட்டத்தட்ட 12 ரூபாய் கையை விட்டுப் போகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். எதிர்பார்த்தபடி 250 கிலோ வந்திருந்தால் அடக்க விலை 623.20 ஆகியிருக்கும். அதாவது ஷெட்டிலிருந்து எவ்வளவு குறைவாக வந்தாலும் சரி, `BOM` வழியாகக் கழித்தால் திரை ஏறத்தாழ அதே 623-ஐத்தான் காட்டிக்கொண்டிருக்கும். விலை மாறாமல் இருப்பதைப் பார்த்து எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

இதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது. `Buying Settings` பக்கத்தில் `Backflush Raw Materials of Subcontract Based On` என்ற வரியில் `BOM` என்று இருப்பதை `Material Transferred for Subcontract` என்று மாற்ற வேண்டும். ஆனால் இதை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஆர்டரில் 250 கிலோ இருந்து 235 வந்தால், இன்னும் 15 கிலோ பிறகு வரும் என்றே மென்பொருள் நினைக்கும். அனுப்பிய 500-ஐ விகிதப்படி பிரித்து, மறுபடியும் 470 என்றுதான் போடும். வேறுபாடு என்னவென்றால் இப்போது அந்த எண்ணை நீங்கள் திருத்த முடியும். ரசீதைச் சமர்ப்பிக்கும் முன் கீழே இருக்கும் செலவான மூலப்பொருள் அட்டவணைக்குப் போய், `Consumed Qty` கட்டத்தில் 470-ஐ 500 ஆக்குங்கள். அந்த லாட்டில் இனி எதுவும் வராது என்று ஷெட்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். உரிக்காமல் மிச்சம் இருந்தால் அது சேதாரம் கிடையாது, திரும்பி வர வேண்டிய சரக்கு. அதைத் தனியாகத் திருப்பி எழுத வேண்டும்.

ஆகவே ரசீது போடும் குமாஸ்தா ஒரு போன் செய்தே ஆக வேண்டும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அண்ணே, காலைல வந்த லாட்டு முடிஞ்சுதா? பாக்கி எதுவும் ஐஸ்ல கிடக்கா?”

“எல்லாம் உரிச்சாச்சு தம்பி. இருநூத்தி முப்பத்தஞ்சு, அவ்வளவுதான்.”

“தலை, ஓடு எடை போட்டீங்களா?”

“அதப் போயி யாரு எடை போடுவா? வண்டி வந்துச்சு, அள்ளிட்டுப் போயிட்டான்.”

கடைசிப் பதிலில்தான் சிக்கல். தலையும் ஓடும் 250 கிலோ, சதை 235 கிலோ, கூட்டினால் 485. மீதி 15 கிலோ ஒழுகிப் போன நீர் என்று ஒப்புக்கொள்ளலாம். ஓடு எடை மட்டும் 200 கிலோதான் என்றால்? 65 கிலோ எங்கே போனது என்று கேட்க ஒரு காரணம் கிடைக்கிறது. எடையே போடவில்லை என்றால் கேட்கக் கூட வழியில்லை. ஓட்டின் விலை கிலோ 4 ரூபாய்தான், ஆனால் அந்த எடைதான் சேதாரத்துக்குச் சாட்சி. அதனால்தான் விற்காவிட்டாலும் எழுதி வையுங்கள் என்றேன்.

எடையைப் பற்றி இன்னும் ஒன்று. கடற்கரையில் ஐஸும் தண்ணீரும் எடையில் கலந்தே வரும். அனுப்பும்போது ஐஸோடு எடை போட்டு, வரும்போது நீர் வடியவிட்டு எடை போட்டால் ஷெட்காரர் மேல் வீண்பழி விழும். தலைகீழாகவும் நடக்கும். உரித்த இறாலைத் தண்ணீரில் ஊறப்போட்டால் எடை ஏறும். ஒரு ஷெட்டில் வழக்கமாக 48 விழுக்காடு வந்துகொண்டிருந்து, திடீரென்று 56 வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். கம்பெனிக்கு வந்ததும் சல்லடையில் வடியவிட்டு மறுபடி எடை போட்டுப் பாருங்கள். குறைவைத் துருவுபவர்கள் கூடுதலைத் துருவுவதில்லை, ஆனால் இரண்டும் ஒரே நோய்தான். இரண்டு முனையிலும் ஐஸ் இல்லாமல், நீர் வடிந்த எடை என்று ஒரே முறையை வைத்துக்கொள்வதுதான் வழி.

கூலியை எதன் மேல் பேசுவது என்பதும் இங்கே சேரும். வரும் சதையின் எடைக்குக் கூலி என்றால், ஷெட்காரர் சதையை வீணாக்க மாட்டார், ஆனால் தண்ணீர் ஏற்ற ஆசை வரும். அனுப்பும் முழு இறாலின் எடைக்குக் கூலி என்றால் தண்ணீர் ஆசை இருக்காது, அதே சமயம் தலையோடு சதை போனாலும் அவருக்குக் கவலை இல்லை. என்னைக் கேட்டால், சதையின் மேல் கூலி பேசி, நீர் வடிந்த எடை என்று எழுதி, குறைந்தது இத்தனை விழுக்காடு வர வேண்டும் என்று ஒரு அடிமட்டமும் வைத்துக்கொள்வது நல்லது.

அடிமட்டம் 48 என்று பேசியிருந்தால் 500 கிலோவுக்கு 240 கிலோ வந்திருக்க வேண்டும். வந்தது 235. அந்த 5 கிலோவை என்ன செய்வது? கணக்கியல் விதிப்படி, வழக்கமான சேதாரம் பொருளின் அடக்க விலையில் சேரும், வழக்கத்துக்கு மீறிய சேதாரம் சேராது, அது நேராக லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். சரக்கு இருப்பு பற்றிய கணக்கியல் தரநிலை 2 இதைத்தான் சொல்கிறது. சின்னக் குறைவுக்கு இவ்வளவு பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் ஒரு நாள் வண்டி வழியில் நின்று, ஐஸ் உருகி, 500 கிலோவில் 100 கிலோ கெட்டுப்போனால், அந்த 30,000 ரூபாயை மீதி இறாலின் தலையில் கட்டக் கூடாது. கெட்ட சரக்கைத் தனியாக நஷ்டத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த லாட்டின் விலையைப் பார்த்து ஷெட் மோசம் என்று தப்பாக முடிவு செய்வோம். குற்றம் ஐஸ் மேல் இருக்கும்.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதுவே, பெயர்தான் மாறும். டேலியில் `Job Work Out Order` போட்டு, `Material Out` வவுச்சரில் அனுப்பி, `Material In` வவுச்சரில் வாங்குவோம். ஷெட் அங்கே மூன்றாம் நபரிடம் இருக்கும் கோடவுன். சாப்பில் ஷெட்டுக்குப் போவது 541, உரித்த இறால் வருவது 101, அதோடு சேர்ந்து முழு இறால் கழிவது 543, தலை ஓடு போன்ற உப பொருள் வருவது 545 என்று எண்களாகவே பேசுவார்கள். எதில் செய்தாலும் அந்த 470-ஆ 500-ஆ என்ற கேள்வி காத்துக்கொண்டிருக்கும். சாப்பில் 543 வரியின் அளவை ரசீது போடும்போதே பார்த்துத் திருத்த வேண்டும்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறைய வைக்காத பச்சை இறாலுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் இந்தக் கதையில் அது பெரிதாகத் தலையிடாது. ஆனால் இதே மாவட்டத்தில் முண்டு மிளகாய் வத்தலை வெளி மில்லில் கொடுத்து அரைத்து வாங்குபவர்களுக்குத் தலையிடும். வரி உள்ள சரக்கை வரி கட்டாமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்ப சிஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டெலிவரி சலான் போட்டு அனுப்ப வேண்டும், 1 ஆண்டுக்குள் சரக்கு திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். தவறினால், அனுப்பிய அன்றே அதை விற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வட்டியும் சேரும். திரையில் மட்டும் நிற்கும் சரக்கு இங்கே வேறு விதமாகக் கடிக்கும். மில்லில் இல்லாத வத்தல் உங்கள் கணக்கில் ஓராண்டுக்கு மேல் நின்றால், திரும்பி வராத சரக்கு என்றே அது படிக்கப்படும்.

சரி, ஏற்கெனவே இப்படித் திரையில் மட்டும் நிற்கும் சரக்கு சேர்ந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இராமநாதபுரம் கடற்கரைக்கு இதில் ஒரு வசதி உண்டு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஷெட்டுகளில் உரிக்க இறால் இருக்காது. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிந்து இரண்டு வாரத்தில் இது வருகிறது. தடை தொடங்கி ஒரு வாரம் கழித்து `Stock Balance` அறிக்கையை ஷெட் கிடங்கு வாரியாக எடுங்கள். நாட்டுப்படகு இறாலோ வளர்ப்பு இறாலோ உரிக்காத ஷெட் என்றால் இருப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யம் இல்லாத ஒவ்வொரு எண்ணும் ஒரு கேள்வி.

கண்டுபிடித்த எண்ணை ஒரே பதிவில் துடைத்துவிடும் ஆசை வரும். அதற்கு முன் அந்த ஷெட்டுக்குப் போன லாட்டுகளை வரிசையாக வைத்து, எந்த லாட்டில் எவ்வளவு தேங்கியது என்று பாருங்கள். எல்லா லாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக, 20 கிலோ, 30 கிலோ என்று தேங்கியிருந்தால் உங்கள் `BOM` பொய் சொல்கிறது. 2 கிலோ என்பதை 2.1 என்று மாற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு லாட்டில் மட்டும் பெரிதாகத் தேங்கியிருந்தால் அந்தத் தேதியின் எடைச் சீட்டையும் வண்டிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஷெட்காரரிடம் உட்கார வேண்டும். ஷெட்டில் எதுவுமே இல்லை என்று அவரும் கையெழுத்துப் போட்ட பிறகு, `Stock Reconciliation` மூலம் ஷெட் கிடங்கைப் பூஜ்யமாக்குங்கள். வித்தியாசம் `Stock Adjustment` கணக்கில் போய் நிற்கும். எந்தெந்த லாட், எத்தனை கிலோ என்பதை அந்தப் பதிவின் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். மார்ச் 31-க்கு முந்தைய லாட்டுகள் அதில் இருந்தால், அந்த ஆண்டுக் கணக்கு மூடப்படும் முன் ஆடிட்டரிடம் சொல்லிவிட்டே தேதியைப் போடுங்கள்.